வருடச் செலவைப் போல் 25 மடங்கு: 60 வயதில் 1.20 கோடி போதுமா?

கொழிஞ்சாம்பாறை மணி
எனக்கு 60 வயது, பாலக்காடு கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, வரும் மார்ச்சோடு ஓய்வு. சொந்த வீடு, கடன் இல்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி, பழைய சேமிப்பு எல்லாம் சேர்த்து 1.20 கோடி வரும். மாதச் செலவு 40,000, வருடத்துக்கு 4.80 லட்சம். ஓய்வுக்குப் பிறகு சேமிப்பில் 4 சதவீதம் எடுத்துச் செலவழித்தால் பணம் தீராது என்கிற 4 சதவீத விதிப்படி, வருடச் செலவைப் போல் 25 மடங்கு சரியாக இருக்கிறது. இதை நம்பி உட்காரலாமா?

வேலந்தாவளம் ராசு
மணியண்ணா, உங்களுக்கு 1.20 கோடியே அதிகம். 70 லட்சத்தை 7 சதவீதத்தில் பேங்கில் போட்டால் வருடத்துக்கு 4.90 லட்சம் வட்டி. உங்கள் செலவு 4.80. முதலைத் தொடவே வேண்டாம். மீதி 50 லட்சத்தைப் பிள்ளைகளுக்கு எழுதி வையுங்கள். 25 மடங்கு, 30 மடங்கு என்பதெல்லாம் அமெரிக்காக்காரன் கணக்கு.

மீனாட்சிபுரம் வசந்தி
ராசு, உங்கள் கணக்கு முதல் வருடத்துக்கு மட்டும் சரி. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் இதே குடும்பத்துக்கு 9.66 லட்சம் வேண்டும். வட்டி அப்போதும் 4.90 தான். இரண்டாம் வருடமே அசலில் கை வைக்க ஆரம்பித்துவிடுவீர்கள். கை வைத்தால் அடுத்த வருட வட்டியும் குறையும். 7 சதவீத வட்டி, 6 சதவீத விலையேற்றம் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன், 70 லட்சம் 15 வருடத்தைத் தாண்டிக் கொஞ்சம் போகிறது. மணி சாருக்கு 75 வயதில் கணக்கு காலி.

கோபாலபுரம் கார்த்தி
எஃப்.டி.யில் போட்டால் அப்படித்தான். மியூச்சுவல் ஃபண்டில் நீண்ட காலத்துக்கு 12 சதவீதம் வருகிறது. விலைவாசி 6 போக 6 மிச்சம். ஆக 6 சதவீதம் தாராளமாக எடுக்கலாம், 80 லட்சம் போதும். 4 சதவீதம் என்பதும் வருடா வருடம் இருக்கிற பணத்தில் 4 சதவீதம் எடுப்பதுதானே? அப்படி எடுத்தால் பணம் எப்படித் தீரும்?

தோப்புக்காரர்
எங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. தென்னையைக் கள்ளுக்குக் குத்தகை விட்டிருக்கிறேன், மாசம் பிறந்தால் பணம் வீட்டுக்கு வருகிறது. மணி, அந்த 1.20 கோடிக்கு நம் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் தோப்பு வாங்கிப் போடு. விலைவாசி ஏறினால் குத்தகையும் ஏறும்.

கொழிஞ்சாம்பாறை மணி
அண்ணா, 60 வயதில் புதிதாகத் தோப்பு வாங்கித் தண்ணீருக்கும் ஆளுக்கும் அலைய என்னால் ஆகாது. கார்த்தி சொல்வதற்கு வசந்தி அக்கா என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

மீனாட்சிபுரம் வசந்தி
கார்த்தி, இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழப்பிக்கொண்டீர்கள். 1994ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் போட்ட கணக்கில் 4 சதவீதம் முதல் வருடத்துக்கு மட்டும்தான். அதற்கப்புறம் சந்தை என்ன ஆனாலும் அந்தத் தொகையையே விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பாதிக்குக் குறையாமல் பங்கு, மீதி அரசுக் கடன் பத்திரம், 30 வருடம், 1926க்குப் பிந்தைய அமெரிக்கச் சந்தை. இதில் படுமோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்கும் பணம் தீராத விகிதம் எது என்று தேடியதில் கிடைத்த எண் அது. சராசரி ஆளுக்கான எண் இல்லை. நீங்கள் சொல்கிற மாதிரி இருப்பதில் 4 சதவீதம் எடுத்தால் பணம் தீராது, உண்மைதான். ஆனால் சந்தை 30 சதவீதம் விழுந்த வருடம் மணி சார் வீட்டில் சோறும் 30 சதவீதம் குறைய வேண்டும்.

12 சதவீதம் சராசரி என்பதில்தான் பெரிய ஓட்டை. பணத்தைப் போட்டுக்கொண்டிருப்பவருக்குச் சராசரி போதும். எடுத்துக்கொண்டிருப்பவருக்கு எந்த வருடம் முதலில் வருகிறது என்பதும் வேண்டும். மூன்று வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் 20 சதவீதம் நஷ்டம், ஒன்றில் 10 லாபம், ஒன்றில் 25 லாபம். பணமே எடுக்காதவருக்கு வரிசை எப்படி மாறினாலும் முடிவு ஒன்றுதான். மணி சார் 1.20 கோடியிலிருந்து முதல் வருடம் 4.80, அப்புறம் 6 சதவீதம் கூட்டிக் கூட்டி எடுக்கிறார். நஷ்டம் முதலில் வந்தால் மூன்றாம் வருட முடிவில் மிஞ்சுவது சுமார் 1.13 கோடி. வரிசை தலைகீழாகிக் கடைசியில் வந்தால் 1.18 கோடி. கிட்டத்தட்ட ஒரு வருடச் செலவு, வரிசை மாறியதாலேயே போய்விட்டது. இது வெறும் மூன்று வருடம்.

நம்மூரில் நடக்காது என்று நினைக்க வேண்டாம். 1992 ஏப்ரலில் சென்செக்ஸ் 4,400ஐத் தாண்டியது. 2003 ஏப்ரலில் 3,000ஐ ஒட்டிக் கிடந்தது. 92ல் ஓய்வு பெற்று, எல்லாவற்றையும் பங்கில் வைத்து, வருடம் 6 சதவீதம் எடுத்தவர் 2003க்கு அப்புறம் வந்த பெரிய ஏற்றத்தைப் பார்க்கும்போது கையில் என்ன இருந்திருக்கும்?

கோபாலபுரம் கார்த்தி
உச்சத்தில் இருந்த ஒரு மாதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். டிவிடெண்டையும் கணக்கில் எடுக்கவில்லை.

மீனாட்சிபுரம் வசந்தி
டிவிடெண்ட் சேர்த்தால் கொஞ்சம் தேறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெங்கன் தேடியதும் அந்த மாதிரி மோசமான தொடக்கத்தைத்தான். அவருக்கு அங்கே நீண்ட சரித்திரம் இருந்தது. நம் சென்செக்ஸ் கணக்கு 1979லிருந்துதான் தொடங்குகிறது. 30 வருடத் துண்டுகளாக வெட்டினால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கும், தனித்தனியாக இரண்டு துண்டுகூடத் தேறாது. இதை வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு இத்தனை சதவீதம் நிச்சயம் என்று யார் சொன்னாலும் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

எனக்குப் பிடித்த கணக்கு இன்னும் எளிது. வட்டியும் விலையேற்றமும் சரிசமம் என்றால், 25 மடங்கு வைத்திருப்பவருக்கு 25 வருடம் வரும். வட்டி 1 சதவீதம் அதிகம் இருந்தால் 28 வருடம். 1 சதவீதம் குறைந்தால் 22.

வேலந்தாவளம் ராசு
நான் 70 லட்சம் என்றது கொஞ்சம் அவசரம் என்றே வைத்துக்கொள்வோம். தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்பு இருக்கிறதே, 8.2 சதவீதம். ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம். புருஷன், பொண்டாட்டி இருவர் பெயரிலும் 60 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 1.23 லட்சம் வரும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி, டக் டக்கென்று கணக்கில் விழும். அண்ணன் செலவு மூன்று மாதத்துக்கு 1.20 தானே? மீதி 60 லட்சம் பின்னாளில் ஏறுகிற விலைவாசிக்கு வளரட்டும். இதில் என்ன குறை?

மீனாட்சிபுரம் வசந்தி
இதில் பெரிய குறை இல்லை. முதல் ஐந்து வருடம் சந்தை விழுந்தாலும் பங்கைப் பெரிதாக விற்க வேண்டாம் என்பதால், நான் மேலே சொன்ன வரிசைப் பிரச்சினைக்கே இது மருந்து. ஆனால் அந்தச் சேமிப்பின் ஐந்து வருடக் கெடு முடிந்து நீட்டிக்கும்போது அன்றைய வட்டிதான் கிடைக்கும், இந்த 8.2 இல்லை. 90களின் நடுவில் பேங்கில் 12 சதவீதம் வாங்கியவர்கள் 2003ல் அதில் பாதிக்குத்தான் புதுப்பித்தார்கள். ஆறாம் வருடம் செலவு 6.40 லட்சத்தில் இருக்கும், மிச்ச 60 லட்சம் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். மணி சார், வீட்டம்மாவுக்கு 60 ஆகிவிட்டதா?

கொழிஞ்சாம்பாறை மணி
இல்லைங்க அக்கா, அவளுக்கு 54. வேலைக்குப் போனதில்லை.

மீனாட்சிபுரம் வசந்தி
அப்படியானால் இரண்டாவது கணக்கை இப்போது தொடங்க முடியாது. கூட்டுக் கணக்காகத் தொடங்கினாலும் 30 லட்ச வரம்பு உங்கள் ஒருவருக்குத்தான். அதைவிடப் பெரிய விஷயம், பணம் உங்கள் 90 வயது வரை வந்தால் போதாது, அவர்களுடைய 90 வரை வர வேண்டும். அது 30 வருடம் இல்லை, 36 வருடம். வட்டி 7, விலையேற்றம் 6 என்ற அதே கணக்கில் 36 வருடத்துக்கு 30.7 மடங்கு, அதாவது ஏறக்குறைய 1.47 கோடி வேண்டும். உங்கள் 1.20 கோடி அவர்களுக்கு 82 வயது ஆகும்போது தீரும்.

வேலந்தாவளம் ராசு
80 வயதுக்காரர் 50 வயதுக்காரர் மாதிரியா செலவு செய்வார்? என் அப்பாவுக்கு 84. இரண்டு இட்லி, ஒரு பேப்பர், அவ்வளவுதான். சாகும் வரை வருடம் 6 சதவீதம் ஏற்றிக்கொண்டே போவது நடைமுறையில் இல்லாதது. அண்ணன் போன பிறகு அண்ணி ஒருத்திக்கு 40,000ம் வேண்டாமே.

மீனாட்சிபுரம் வசந்தி
இட்லி குறையும். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி பில் குறையாது. ஒருவர் போனால் செலவு பாதியாகாது, கரண்ட், வீட்டு ரிப்பேர், ஆள் கூலி எல்லாம் அப்படியே இருக்கும். ஆனாலும் நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. எவ்வளவு குறையும் என்று என்னால் எண் சொல்ல முடியாததால் நான் குறைக்காமல் போடுகிறேன், அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறை மணி
இன்னும் இரண்டு வருடம் எங்காவது கணக்கு எழுதப் போனால்? அந்தச் சம்பளத்தில் செலவு ஓடிவிடும்.

மீனாட்சிபுரம் வசந்தி
1.20 கோடி 1.37 கோடி ஆகும், செலவும் 5.40 லட்சம் ஆகியிருக்கும். மடங்கு 25லிருந்து 25.5, அவ்வளவுதான் நகரும். வீட்டம்மாவின் 82 வயது 85 ஆகும். பலன் உண்டு, ஆனால் நினைக்கிற அளவு இல்லை. மாதச் செலவில் 5,000 குறைந்தால் அதைவிட அதிகம் கிடைக்கும்.

தோப்புக்காரர்
தோப்பு வேண்டாம் என்கிறாய், சரி. அந்த 40,000 எதெதற்கு என்று எழுது பார்ப்போம். கொழிஞ்சாம்பாறையில் சொந்த வீட்டில் இருவருக்கு 40,000 என்றால் எனக்கே புரியவில்லை.

கொழிஞ்சாம்பாறை மணி
மளிகை, பால், காய், கேஸ் 14,000. மருந்து 3,500. மெடிக்கல் இன்சூரன்ஸை மாதத்துக்குப் பிரித்தால் 4,000. வண்டி, பஸ் 4,000. கரண்ட், போன் 2,500. வீட்டு ரிப்பேருக்கு எடுத்து வைப்பது 2,000. மொய், கோவில், ஊர்ப் போக்குவரத்து 5,000. சீட்டு 5,000.

மீனாட்சிபுரம் வசந்தி
சீட்டு செலவு இல்லை, சேமிப்பு. அதை ஏன் இதில் சேர்த்தீர்கள்? முடிகிற அன்று அந்தப் பணம் உங்களுக்கே திரும்பி வரும். அதை எடுத்துவிட்டால் செலவு வருடத்துக்கு 4.20 லட்சம், உங்கள் 1.20 கோடி 28 மடங்கைத் தாண்டுகிறது. அதே கணக்கில் 33 வருடம், வீட்டம்மாவுக்கு 87.

கோபாலபுரம் கார்த்தி
இந்த 87ம் எல்லாமே எஃப்.டி.யில் இருந்தால் வருவது. மூன்றில் ஒரு பங்காவது இண்டெக்ஸ் ஃபண்டில் வைத்தால் 90ஐத் தாண்டும்.

மீனாட்சிபுரம் வசந்தி
தாண்டலாம், முதல் ஐந்தாறு வருடம் மோசமாக அமையாமல் இருந்தால். மூன்றில் ஒன்று வைக்கலாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. உங்கள் 80 லட்சத்துக்குத்தான் மறுப்பு.

வேலந்தாவளம் ராசு
அண்ணா, எதுவானாலும் 30 லட்சத்தை முதலில் தபால் ஆபீஸில் போடுங்கள், வட்டி எப்போது மாற்றுவார்கள் என்று தெரியாது. பங்கெல்லாம் அப்புறம் பேசலாம்.

கொழிஞ்சாம்பாறை மணி
போடுகிறேன் தம்பி. சீட்டு இன்னும் 14 மாதம் பாக்கி இருக்கிறது. அதை முன்கூட்டியே ஏலத்தில் எடுத்துத் தள்ளுபடி கொடுப்பதா, கடைசி வரை கட்டுவதா என்றுதான் இப்போது வீட்டில் பேச்சு ஓடுகிறது.