வகை 1-க்கும் வகை 0-க்கும் இடையே ஓர் எடுத்துக்காட்டு வேண்டும்

வணக்கம். நோம் சோம்ஸ்கியின் இலக்கண அடுக்கில் முதல் மூன்று படிகள் எனக்குத் தெளிவு. a*b* என்பது வகை 3. முடிவுறு தானியங்கி போதும், எண்ணத் தேவையில்லை. aⁿbⁿ வகை 2. அதற்கு அடுக்கு நினைவகத் தானியங்கி வேண்டும்.

aⁿbⁿcⁿ வந்ததும் அதுவும் திணறுகிறது. aabbcc-இல் ஒவ்வொரு a-வுக்கும் ஒரு குறியை அடுக்கில் வைத்து, b வரும்போது எடுத்துவிட்டால், c தொடங்கும்போது அடுக்கு காலி. எத்தனை a என்பது மறந்தே போகிறது. நேரியல் வரம்புத் தானியங்கியோ உள்ளீட்டு நாடாவிலேயே முன்னும் பின்னும் ஓடி, சுற்றுக்கு ஒரு a, ஒரு b, ஒரு c என்று அடித்துவிடுகிறது; கூடுதல் இடம் தேவையில்லை. இது வகை 1.

வகை 0-க்கு, டூரிங் பொறிக்கு, எல்லோரும் காட்டுவது நிற்றல் சிக்கல். அது தீர்மானிக்கவே முடியாதது; ஒரேயடியாக உச்சிக்குத் தாவுவது. நான் தேடுவது தீர்மானிக்கக்கூடிய, ஆனால் வகை 1-இல் அடங்காத மொழி. ‘தன்னைத் தானே உருவாக்காத வகை 1 இலக்கணங்களின் விவரிப்புகள்’ என்ற மூலைவிட்ட மொழி அப்படிப்பட்டதுதான், ஆனால் நிரூபணத்துக்காகவே செய்த பொம்மை போலிருக்கிறது. இயல்பாக எழும் சிக்கல் ஏதேனும் உண்டா? அதற்கு உள்ளீட்டின் நீளத்தைவிடப் பன்மடங்கு நாடா ஏன் தேவை என்பதையும் விளக்கினால் நன்று.