உதவி: கண்ணை மூடினால் தள்ளாடும் நோயாளருக்கு ஒரு சொல் வேண்டும்

மாலதி, உப்புவெளி

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் இயன்மருத்துவராக இருக்கிறேன். நீரிழிவுக் கிளினிக்குக்கு வருபவர்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். பார்க்காமலே நம் கால் எங்கே இருக்கிறது, பெருவிரல் மேலே நிமிர்ந்திருக்கிறதா கீழே மடிந்திருக்கிறதா என்று தெரிகிறதே, அந்த உணர்வைத் தமிழில் என்னவென்று எழுதுவது? அதிர்வுணர்வு என்பதில் சிக்கல் இல்லை. அதன் கூடப்பிறந்ததற்குத்தான் பெயர் இல்லை.

ஏன் கேட்கிறேன் என்றால், அண்மையில் வந்த ஒருவர் கடற்றொழிலாளி, அறுபது தாண்டியவர். பகலில் நன்றாகவே நடக்கிறார். கிணற்றடியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினால் சாய்கிறார். கரண்ட் போன இரவில் முற்றத்தில் விழுந்திருக்கிறார். காலில் பலம் குறையவில்லை, ஊசியால் தொட்டால் குத்துகிறது என்கிறார். 128 ஹேர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்தால் "குளிரா ஏதோ இருக்கு பிள்ளை" என்கிறார், அதிர்வது தெரியவில்லை. கணுக்காலிலும் இல்லை. முழங்காலில்தான் "ஆ, இப்ப அதிருது" என்றார்.

செல்வம், சென்னை

"தன்னிலையுணர்வு" என்று போடுங்கள். Proprioception என்ற ஆங்கிலச் சொல்லின் முன்பகுதிக்கு இலத்தீனில் "தன்னுடைய" என்றுதான் பொருள். உடலியல் அறிஞர் ஷெரிங்டன் 1906இல் ஆக்கிய சொல் அது. அப்புறம், தள்ளாட்டம் என்றால் சிறுமூளைப் பிரச்சினைதானே? கண்ணை மூடி நிற்கச் சொல்வதே சிறுமூளையைச் சோதிக்கத்தான் என்று படித்த ஞாபகம்.

நடராசா, ரொறன்ரோ (ஒரு காலத்தில் திருமலை)

தம்பி செல்வம், சிறுமூளைப் பழுதிலும் தள்ளாட்டம் வரும், அது சரி. ஆனால் சிறுமூளை (எங்கள் பள்ளிக்கூடத்தில் "மூளி" என்போம்) பழுதானவர் கண் திறந்திருக்கும்போதே ஆடுவார், மூடினால் பெரிதாக மாறாது. மாலதியின் நோயாளர் கண்ணைத் திறந்தால் நிற்கிறார், மூடினால் விழுகிறார். அந்த வித்தியாசம்தான் முழுக் கதையும்.

நிமிர்ந்து நிற்க மூளைக்கு மூன்று வழியாகச் செய்தி போகிறது: கண், உட்காது, கால்கள். மூன்றில் இரண்டு இருந்தால் ஒருவாறு சமாளித்துவிடலாம். காலிலிருந்து வரும் செய்தி நின்றுபோனால் கண் அந்த வேலையைச் செய்கிறது. அந்த மனிதர் தன் பாதங்களைப் பார்த்துப் பார்த்தே நடப்பார், கவனித்துப் பாருங்கள். கண்ணையும் மூடினால் காது ஒன்றுதான் மிச்சம், அது போதாது. ஜெர்மன் வைத்தியர் றொம்பேர்க் 19ஆம் நூற்றாண்டில் மேகநோய் முண்ணாணைத் தின்றவர்களிடம் இதைக் கண்டு எழுதினார். அவர்களும் முகம் கழுவும்போதுதான் விழுவார்கள்.

ஊசிக்குத்துத் தெரிந்தும் அதிர்வு தெரியாமல் போவதற்குக் காரணம் பாதைகள் வேறு என்பது. காலின் நிலையையும் அதிர்வையும் சொல்லும் தடித்த நரம்புநார்கள் முண்ணாணின் பின்பக்கமாக, தாங்கள் நுழைந்த பக்கத்திலேயே, தலையடி வரைக்கும் ஏறி அங்கேதான் மறுபக்கம் கடக்கும். வலியும் சூடும் சொல்லும் பாதை முண்ணாணுக்குள் நுழைந்த கொஞ்சத்திலேயே மறுபக்கம் போய்விடும். ஒன்று கெட்டாலும் மற்றது நிற்கும்.

சொல் ஆக்குவது என் தொழில் இல்லை. ஆனால் "தன்னிலை" வேண்டாம். நோயாளர் தன்னிலை மறந்து கிடந்தார் என்று எழுதிவிடுவார்கள்.

நசீர் ஆசிரியர், கிண்ணியா

இதற்கு வெளியே போகத் தேவையில்லை. "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்று வள்ளுவர் ஐம்புலனையும் எண்ணும்போது தொடுபுலனை ஊறு என்கிறார். தொல்காப்பியரும் ஓரறிவை "உற்றறிவது" என்பார். வெளியிலிருந்து தோலில் உறுவது ஊறு. உடம்பு தன்னைத் தானே உள்ளுக்குள் உற்றறிவது "அகவூறு". ஒரே சொல், நான்கு எழுத்து, இலக்கணச் சுத்தம். "உறுப்பு" என்பதையே உறு என்ற வேரோடு சேர்த்துப் பார்க்கலாம். உற்றறிவதால்தான் உறுப்பு ஆனதோ என்று எனக்கொரு நெடுநாள் எண்ணம். அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த மண் இது. நாம் ஏன் கூச்சப்படவேண்டும்?

இன்னொன்று, பின்பக்கப் பாதையைத் "தூண்" என்பதா "நிரல்" என்பதா? தூண் எதையாவது தாங்கவேண்டும். இது தாங்கவில்லை, வரிசையாகப் போகிறது. நிரல்தான் சரி.

செல்வம், சென்னை

நிரல் என்றால் இங்கே கம்ப்யூட்டர் புரோகிராம் ஐயா. முண்ணாண் என்றாலும் யாருக்கும் தெரியாது, தண்டுவடம் என்போம்.

பாக்கியம், ஜமாலியா

மாலதி பிள்ளை, எனக்கும் இதே வருத்தம்தான். கட்டிலில் வலப்பக்கம் திரும்பினால் வீடே சுழலும், கண்ணை மூடினாலும் சுழலும். இந்தப் பிரசுரம் எனக்கும் ஒன்று தருவீர்களா?

மாலதி, உப்புவெளி

பாக்கியம் அக்கா, படுக்கையில் திரும்பும்போது கொஞ்ச நேரம் சுழல்வது பெரும்பாலும் உட்காதுக் கோளாறு, வேறு கதை. கிளினிக்குக்கு வாங்கோ, பார்த்துச் சொல்கிறேன்.

நசீர் சேர், "அகவூறு" என்று ஒரு தாளில் எழுதி வரிசையில் இருந்தவர்களிடம் காட்டினேன். ஒரு அம்மா "உள்காயமோ?" என்று பயந்துவிட்டார். ஊறு என்றால் இங்கே ஊறு விளைவித்தல்தான். "கிடையுணர்வு" என்று நானே ஒன்று நினைத்திருந்தேன். பக்கத்திலிருந்த தாதி சிரித்தார். கிடையில் கிடக்கிற ஆளுக்கு வருகிற உணர்வோ என்று கேட்டார்.

"மூட்டுணர்வு" என்றால் எல்லாருக்கும் விளங்குகிறது. போடட்டுமா?

நடராசா, ரொறன்ரோ

விளங்கும், ஆனால் பிழை. இந்தச் செய்தி பெரும்பாலும் மூட்டிலிருந்து வருவதில்லை, தசைக்குள் இருக்கும் நீட்சியறியும் உறுப்புகளிலிருந்து வருகிறது. இடுப்பு மூட்டை எடுத்து உலோக மூட்டு வைத்தவர்களுக்கும் கால் எங்கே என்று தெரிகிறது. அதோடு, ஒருவரைக் கண்மூடச் செய்து முழங்கையை மடக்கும் மேற்கைத் தசையின் நாணில் அதிர்வுக் கருவியை வைத்தால், கை அசையாமலே நீள்வதாகச் சொல்வார். மூட்டில் ஒன்றுமே நடக்கவில்லை, தசை நீள்வதாக மூளை ஏமாறுகிறது.

பெயரைவிட இதைக் கவனி பிள்ளை. விரலைச் சோதிக்கும்போது மேலும் கீழும் பிடிக்காதே, பக்கவாட்டில் பிடி. மேலே அழுத்தினால் தோல் சொல்லிக்கொடுத்துவிடும், நோயாளர் சரியாகச் சொன்னதாக நீ எழுதுவாய். அந்தக் கடற்றொழிலாளி எத்தனை வருடமாக மெற்போமின் குடிக்கிறார்? நெடுநாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், அது குறைந்தாலும் இதே பின்பக்கப் பாதை கெடும். சர்க்கரையால் காலின் நரம்பு கெட்டதா, பி12 குறைந்து முண்ணாண் கெட்டதா என்று இசைக்கவை சொல்லாது. இரத்தம் பார்க்கச் சொல். அது தெரியாமல் போலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தசோகை தேறும், நரம்பு தொடர்ந்து கெடும். ஊசி போட்டாலும் பிந்தினால் முழுக்கத் திரும்பாது.

மாலதி, உப்புவெளி

பதினொரு வருடமாம். டொக்டருக்குக் கடிதம் எழுதிவிட்டேன்.

சரி, இப்போதைக்கு "உறுப்புநிலை உணர்வு" என்று ஒரு தடவை மட்டும் போடுகிறேன். மற்ற இடமெல்லாம் "பார்க்காமலே கால் தெரிவது" என்றே எழுதிவிட்டேன். மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் பதிலே போடவில்லை. கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: இரவில் விளக்கு எரியட்டும், முகம் கழுவும்போது கிணற்றுக்கட்டை ஒரு கையால் பிடியுங்கள், முடிந்தால் இருந்துகொண்டு கழுவுங்கள்.

நசீர் ஆசிரியர், கிண்ணியா

பிரசுரத்துக்கு அது போதும், பாடப்புத்தகத்துக்குப் போதாது. "உறுப்புநிலை உணர்வு குன்றியோர்" என்று ஒரு பரீட்சைத் தாளில் எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும். அகவூறு பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. "உணர்வு குன்றியோர்" என்பதை மயங்கிக் கிடப்பவர் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்பதை யாராவது சொல்லுங்கள்.

செல்வம், சென்னை

எடுத்துக்கொள்வார்கள் ஐயா. ஆனால் வெள்ளிக்கிழமை நாளைக்குத்தானே?