சிஎஸ்எஃப்பி: ‘பின்னடைவு’ வேண்டாம், வேறு சொல் தேடுவோம்

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். கைப்பேசிச் சொற்பட்டியலில் ‘சர்க்யூட் ஸ்விட்ச்டு ஃபால்பேக்’, அதாவது சிஎஸ்எஃப்பி, என்ற பதிவுக்கு யாரோ ‘மின்சுற்று நிலைமாற்றப் பின்னடைவு’ என்று போட்டிருக்கிறார்கள். படிப்பவர் ஏதோ பழுது என்றுதான் நினைப்பார். வோல்டிஇ இல்லாத போனில் அழைப்பு வந்தவுடன் 4G என்ற எழுத்து E அல்லது H ஆக மாறி, பேசி முடித்த பிறகு திரும்புகிறதே, அதைத்தான் இது குறிக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் முதலில் சொல்லுங்கள். சொல்லை அப்புறம் பார்க்கலாம்.

நாசர்:
எளிமையான விஷயம்தானே அக்கா. 4ஜி சிக்னல் பேச்சைத் தாங்காது, அதனால் போன் தானாகவே வலுவான 2ஜி கோபுரத்தைத் தேடிப் போகிறது. ‘சிக்னல் இறக்கம்’ போதும்.

துரை:
நாசர் தம்பி, பழைய கோபுரத்துக்குப் போகிறது என்பது சரி. காரணம் சிக்னல் இல்லை. கோபுரத்தின் காலடியில் நின்று, எல்லாக் கோடும் நிறைந்திருக்கும்போது டயல் செய்து பாருங்கள், அப்போதும் இறங்கும்.

2ஜி, 3ஜியில் ஓர் அழைப்புக்கு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு தடத்தை ஒதுக்கிவைக்கும் சுவிட்சு உண்டு. 4ஜியின் எல்டிஇ வடிவமைப்பில் அந்தச் சுவிட்சே கிடையாது, எல்லாமே தரவுப் பொட்டலம். குரலையும் பொட்டலமாக அனுப்புவதுதான் வோல்டிஇ. அது பரவலாக வரும் வரை என்ன செய்வது என்று, எல்டிஇ வந்த அதே எட்டாம் வெளியீட்டுத் தரத்திலேயே இந்த ஏற்பாட்டையும் சேர்த்துவிட்டார்கள். ஆக இது பழுதல்ல, முன்கூட்டியே திட்டமிட்டது.

போனைப் போட்டவுடன் அது 4ஜியில் பதிவாகும்போது “எனக்குப் பேச்சும் வேண்டும்” என்று சேர்த்தே கேட்கிறது. 4ஜியின் மையக் கருவி அதைப் பழைய சுவிட்சிலும் பதிந்துவைக்கிறது. இந்த இரட்டைப் பதிவுதான் முழு விஷயத்துக்கும் அச்சாணி. உங்களுக்கு அழைப்பு வந்தால் பழைய சுவிட்சு 4ஜி மையத்திடம் சொல்லும், அது 4ஜி கோபுரம் வழியாகவே போனைக் கூப்பிடும். போன் “சரி, அழைப்புக்குப் போகிறேன்” என்று பதில் தரும். கோபுரம் 4ஜி இணைப்பை விடுவித்து, “இந்த அலைவரிசைக்குப் போ” என்று அனுப்பும். போன் அங்கே போய், அந்தக் கோபுரத்தின் அறிவிப்புகளைப் படித்து, வழக்கமான 2ஜி அல்லது 3ஜி அழைப்பாக எடுக்கும். நீங்கள் டயல் செய்தாலும் இதே வழிதான், கேட்பது மட்டும் போன். மணி அடிக்கச் சில விநாடி கூடுவது இதனால்தான்.

குறுஞ்செய்திக்கு இந்த இறக்கம் தேவையில்லை. அது இரட்டைப் பதிவின் வழியாகவே 4ஜியில் வந்துவிடும்.

சுமதி:
இதைப் பார்த்ததும் என் பிரச்சினைதான் நினைவுக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து தம்பி வாங்கி வந்த போன். ஹாட்ஸ்பாட் போட்டு மகள் வகுப்பில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் வகுப்பு நின்றுவிடும், வைத்த பிறகு வரும். போனில் வோல்டிஇ உண்டு என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. ஹாட்ஸ்பாட் அமைப்பில் எதை மாற்ற வேண்டும்? சொல் உருவாக்கத்துக்கு நான் உதவ மாட்டேன், மன்னிக்கவும்.

துரை:
ஹாட்ஸ்பாட்டில் மாற்ற ஒன்றுமில்லை அம்மா. சிப்பில் வோல்டிஇ இருந்தால் மட்டும் போதாது. நம் நிறுவனத்துக்கான அமைப்புக் கோப்பு அந்தப் போனின் மென்பொருளில் இருக்க வேண்டும், நிறுவனமும் அந்த மாடலை அனுமதித்திருக்க வேண்டும். வேறொரு நாட்டுச் சந்தைக்கு வந்த போனில் பல நேரம் இந்த இரண்டில் ஒன்று இருக்காது. மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

தரவு நிற்பதற்குக் காரணம் எங்கே இறங்குகிறது என்பதுதான். 3ஜியில் பேச்சும் தரவும் சேர்ந்து ஓடும். 2ஜியில் பெரும்பாலும் பேசும்போது தரவு நிறுத்திவைக்கப்படும். ஏர்டெல் 2019-இல் கொல்கத்தாவில் தொடங்கி 3ஜியை மூடிவிட்டதால், அந்த வலையில் இறங்கினால் நேராக 2ஜிதான். 2016-இல் வந்த ஜியோவுக்குப் பழைய வலையே கிடையாது. அதனால் அங்கே இறங்கவே இடமில்லை, வோல்டிஇ இல்லாத போனுக்குத் தனிச் செயலி கொடுத்தார்கள்.

ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் டயலரில் இதைத் தட்டுங்கள்:

```
*#*#4636#*#*
```

சில போன்களில் இது திறக்காது. திறந்தால், அழைப்பின்போது குரல் வலை, தரவு வலை என்ற வரிகளில் LTE இருக்கிறதா, GSM அல்லது EDGE ஆகிறதா என்று தெரியும்.

தர்ஷினி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ‘இறக்கம்’ எனக்கு ஒத்துவரவில்லை. நாங்கள் டவுன்லோடைத் தரவிறக்கம் என்கிறோம், நீங்கள் பதிவிறக்கம் என்கிறீர்கள். ‘அழைப்பிறக்கம்’ என்றால் அழைப்பை டவுன்லோட் செய்வதாக ஆகிவிடும். ‘ஒதுங்கல்’ எப்படி? மழைக்கு ஒதுங்குகிறவர் அங்கேயே குடியிருப்பதில்லை, மழை விட்டதும் கிளம்பிவிடுவார். ‘சுற்றிணைப்பு ஒதுங்கல்’ அல்லது ‘அழைப்பொதுங்கல்’.

நாசர்:
எங்கள் ஊர்ப்பக்கம் ‘ஒதுங்கப் போகிறேன்’ என்றால் வேறு அர்த்தம் அக்கா. பாடநூலில் வந்தால் வகுப்பே சிரிக்கும் :)
இன்னொன்று, திரும்புவதாவது போன் தானாகத் தேடிப் போவதுதானே? அதையும் கோபுரமா சொல்கிறது?

துரை:
இதில் நீங்கள் பாதி சரி. பேச்சு முடிந்து இணைப்பை விடுவிக்கும்போதே “இந்த 4ஜி அலைவரிசைக்குப் போ” என்று பழைய வலை சொல்லிவிட்டால் உடனே திரும்பும். சொல்லாவிட்டால், சில போன்கள் தாமாகவே 4ஜியைத் தேடும். மற்றவை ஓய்வு நிலைக்கு வந்தபின், அந்தக் கோபுரத்தின் அறிவிப்பில் 4ஜிக்கு முன்னுரிமை இருந்தால் மாறும். 3ஜியில் ஏதாவது தரவிறங்கிக்கொண்டே இருந்தால் ஓய்வு நிலையே வராது, H-இலேயே மாட்டிக்கொள்ளும். விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தால் சரியாவது, போன் புதிதாகப் பதிவாவதால்தான். தர்ஷினி சொல்லும் மழை விட்டதும் கிளம்புவது எப்போதும் நடக்காது என்பதையும் கவனியுங்கள்.

இதைவிடத் தொல்லை இறங்கும்போதே வரும். எந்த 4ஜிப் பகுதி எந்தப் பழைய பகுதிக்கு நேர் என்று 4ஜி மையத்தில் ஓர் அட்டவணை இருக்கும். எல்லையோரத்தில் போன் அட்டவணையில் இல்லாத பகுதிக்கு இறங்கினால், முதலில் இருப்பிடப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பகுதி வேறொரு சுவிட்சுக்கு உரியதாக இருந்தால், அழைப்பு முதலில் பதிந்திருந்த சுவிட்சில் காத்திருக்கும், போனோ இந்த வேறு சுவிட்சில் நிற்கும். அழைப்பைத் திருப்பிவிடும் வசதியை வலையில் போட்டிருக்காவிட்டால் அது போய்விடும். கூப்பிட்டவருக்கு “தொடர்பு எல்லைக்கு வெளியே”. உங்கள் போனிலோ 4ஜி நிறைந்திருக்கும். சிறிது நேரத்தில் தவறிய அழைப்பு என்ற குறுஞ்செய்தி மட்டும் வரும். ஒரே இடத்தில் இப்படி அடிக்கடி நடந்தால் போனை 2ஜிக்கு மட்டும் மாற்றிவைத்து யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். அப்போது ஒழுங்காக மணி அடித்தால், சந்தேகப்பட வேண்டியது அந்த அட்டவணையைத்தான், போனை அல்ல. நிறுவனத்தில் புகார் கொடுக்கும்போது இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள்.

கயல்விழி:
நன்றி துரை ஐயா. ‘பின்னடைவு’, ‘மின்சுற்று’ இரண்டையும் எடுத்துவிடுகிறேன். ‘சுற்றிணைப்பு’ நிற்கட்டும். ஒதுங்கலுக்கு நாசர் சொன்ன தடை உண்மைதான். திரும்புவது தனி நிகழ்வு, நடக்காமலும் போகலாம் என்பதால் அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘4ஜி மீள்வு’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். முதல் பாதிக்கு ‘அழைப்புக்கால வலைமாற்றம்’ எப்படி?

தர்ஷினி:
வலைமாற்றம் என்றால், பயணத்தில் கோபுரம் விட்டுக் கோபுரம் மாறுவதையும் அப்படித்தானே எழுதுவோம்? அதற்கு என்ன செய்வீர்கள்?

சுமதி:
துரை ஐயா, அந்த எண்ணைத் தட்டினேன், திறந்தது. கூப்பிட்டதும் இரண்டு வரியும் GSM, EDGE ஆகிவிட்டன. புதுப்பிப்பு எதுவும் இல்லை என்கிறது. மகள் வகுப்புக்கு அப்பாவின் போனைத்தான் கேட்க வேண்டும் போல.