கலைச்சொல்: சொத்து வாங்க வந்த மானியத்தில் இன்னும் வருமானமாகாத பகுதி

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கணக்கியல் சொற்பட்டியலில் ஒரு சொல் இடறுகிறது.

இயந்திரமோ கட்டடமோ வாங்க அரசு மானியம் தருகிறது. பணம் ஒரே நாளில் வங்கிக்கு வந்துவிடும். ஆனால் முழுத்தொகையையும் அந்த ஆண்டின் வருமானமாகக் காட்டக்கூடாது. சொத்து உழைக்கிற காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். மீதி, இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் நிற்கும். இதை ஆங்கிலத்தில் டெஃபர்டு இன்கம் என்பார்கள்.

நம் வரைவில் 'ஒத்திவைத்த வருமானம்' என்று இருக்கிறது. ஒத்திவைத்தது என்றால் பணமே இன்னும் வரவில்லை என்று படிப்பவர் நினைக்க இடமுண்டு. 'நிலுவை வருமானம்' இன்னும் மோசம், அது வரவேண்டிய பாக்கி. இங்கே பணம் கையில் இருக்கிறது, வருமானம் என்ற பெயர்தான் இன்னும் கிடைக்கவில்லை.

எனக்கு இரண்டு சொல் வேண்டும். மீதியாக நிற்பதற்கு ஒன்று, ஆண்டுதோறும் அதிலிருந்து எடுப்பதற்கு ஒன்று.

---

செந்தில் எழுதியது:

இதில் பெரிய சிக்கல் இருப்பதாகத் தெரியவில்லை, மலர். மானியத்தைச் சொத்தின் ஆயுளால் வகுத்தால் ஆண்டுக்கு இவ்வளவு என்று சமமாக வந்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் எடுப்பது 'மானியச் சமபங்கு', மீதி 'மானியப் பங்கு இருப்பு'. சொல்லைப் பார்த்ததுமே செய்முறை புரிந்துவிடும்.

---

பரமசிவம் எழுதியது:

செந்தில் தம்பி சொல்வது பாதி வழி வரை சரி. தேய்மானத்தை நேர்கோட்டு முறையில் போட்டால் பங்கு சமமாகத்தான் வரும். ஆனால் விதி ஆயுளால் வகுக்கச் சொல்லவில்லை. 1983-இல் வெளியான பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 20, தேய்மானம் எந்தக் காலத்தில் எந்த விகிதத்தில் செலவாகிறதோ அதே விகிதத்தில் மானியத்தையும் வருமானத்துக்கு எடுக்கச் சொல்கிறது. மானியம் தேய்மானத்தின் பின்னாலேயே போக வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இயந்திரத்தின் விலை 12 லட்சம், மானியம் 4 லட்சம், ஆயுள் 8 ஆண்டு, கடைசியில் விற்றால் ஒன்றும் தேறாது. நேர்கோட்டு முறையில் ஆண்டுத் தேய்மானம் 1,50,000. விலையில் மூன்றில் ஒரு பங்கை மானியம் தாங்குகிறது, அதனால் தேய்மானத்திலும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 50,000, வருமானமாக வரும். நிறுவனத்தின் மேல் விழும் நிகரச் சுமை ஆண்டுக்கு ஒரு லட்சம்.

இதே இயந்திரத்துக்குக் குறைந்து செல் மதிப்பு முறையில் 25 விழுக்காடு போட்டால், முதல் ஆண்டுத் தேய்மானம் 3 லட்சம், இரண்டாம் ஆண்டு 2,25,000. மானிய வருமானமும் முதல் ஆண்டு ஒரு லட்சம், அடுத்த ஆண்டு 75,000 என்று இறங்கும். அங்கே 'சமபங்கு' என்ற சொல் பொய்யாகிவிடும். கலைச்சொல் ஒரு முறைக்கு மட்டும் பொருந்தி இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போகக்கூடாது, அதனால்தான் இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

---

அன்வர் எழுதியது:

எங்கள் கணக்கு மென்பொருளின் தமிழ்ப் பதிப்பில் ஆண்டுதோறும் எடுப்பதற்கு 'மானிய விடுவிப்பு' என்று போட்டிருந்தோம். ஆங்கிலத்தில் ரிலீஸ் என்பதை அப்படியே எடுத்தது. பயனர்கள் அந்தப் பொத்தானைப் பார்த்து, அரசு இரண்டாம் தவணையை அனுப்பிவிட்டது என்று நினைத்தார்கள். அலுவலகப் பேச்சில் நிதி விடுவிப்பு என்றால் கருவூலத்திலிருந்து பணம் வெளிவருவதுதானே. ஆகவே அந்தச் சொல் வேண்டாம்.

என் பரிந்துரை: மீதிக்கு 'வருமானமாகாத மானியம்', ஆண்டுதோறும் எடுப்பதற்கு 'மானிய வருமானமாக்கம்'. முதல் சொல் நீளம்தான். ஆனால் பொறுப்புகள் பக்கத்தில் பார்க்கிறவர் கேட்கிற முதல் கேள்வி 'இதை ஏன் வருமானத்தில் காட்டவில்லை' என்பதுதான். அதற்குப் பதில் சொல்லிலேயே இருக்கிறது.

---

ஜெயந்தி எழுதியது:

நான் கணக்கியல் படித்தவள் அல்ல, ஒரு சங்கத்தில் கணக்கெழுதுகிறேன். எங்களுக்கு மானியம் கிடைத்தது நிலம் வாங்க. நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது என்று தணிக்கையாளர் சொல்லிவிட்டார். அப்படியானால் நாங்கள் மானியத்தை எப்போதும் வருமானமாக எடுக்கவே முடியாதா? இந்தச் சொல் எங்களுக்குப் பொருந்துமா? அதோடு ஊழியர் சம்பளத்துக்கும் தனியாக ஒரு மானியம் வருகிறது, அதையும் இப்படிப் பல ஆண்டுக்குப் பரப்ப வேண்டுமா?

---

பரமசிவம் எழுதியது:

ஜெயந்தி அம்மா, சம்பள மானியத்தை இதோடு சேர்க்காதீர்கள். அது எந்தச் சம்பளச் செலவை ஈடுகட்ட வந்ததோ, அந்தச் செலவு கணக்கில் ஏறும் காலத்திலேயே வருமானமாக வரும். எங்கள் பேச்சு சொத்துக்காக வந்ததைப் பற்றி மட்டும்.

நிலத்துக்கு வருவோம். மானிய ஆணையில் ஏதாவது நிபந்தனை இருக்கிறதா பாருங்கள். நிலத்தில் கட்டடம் கட்ட வேண்டும் என்று இருந்தால், அந்த நிபந்தனையை நிறைவேற்றும் செலவு எந்த ஆண்டுகளில் விழுகிறதோ அந்த ஆண்டுகளில் மானியத்தை எடுக்க வேண்டும். கட்டடத்தின் செலவு தேய்மானமாகத்தான் விழும், ஆகவே கட்டடத்தின் ஆயுள் முழுக்க எடுப்பது பொருத்தம். நிலத்தைப் பார்க்காதீர்கள், நிபந்தனையைப் பாருங்கள்.

அன்வர் சொன்ன 'வருமானமாகாத மானியம்' இங்கேயும் நிற்கிறது. தேய்மானம் என்ற சொல்லை உள்ளே வைத்து ஏதாவது செய்திருந்தால் நிலத்தில் விழுந்திருக்கும்.

---

செந்தில் எழுதியது:

விகிதம் பற்றிச் சொன்னது புரிந்தது ஐயா. ஆனால் இவ்வளவு சுற்று எதற்கு? 12 லட்சத்தில் 4 லட்சத்தைக் கழித்து, இயந்திரத்தை 8 லட்சம் என்றே பதிந்தால் என்ன? ஆண்டுத் தேய்மானம் தானாக ஒரு லட்சமாகிவிடும். பொறுப்புகள் பக்கம் எதுவுமே நிற்காது, சொல்லும் தேவைப்படாது.

---

பரமசிவம் எழுதியது:

அந்த வழிக்கும் தரநிலை இடம் கொடுக்கிறது. நிகர இலாபம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் கழித்து எழுதினால் மானியம் ஏட்டின் முகப்பிலிருந்து மறைந்துபோகும். மூன்று ஆண்டு கழித்து இயந்திரம் 5 லட்சம் என்று தெரியும். பிரித்து எழுதினால் இயந்திரம் 7,50,000, எதிர்ப்பக்கம் வருமானமாகாத மானியம் 2,50,000. இரண்டாவதைப் படிப்பவருக்கு, இயந்திரத்தில் யாருடைய பணம் எவ்வளவு என்று தெரிகிறது. எனக்கு எப்போதும் பிரித்து எழுதுவதே பிடிக்கும்.

நிபந்தனை தவறி அரசு பணத்தைத் திருப்பிக் கேட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். மூன்று ஆண்டு முடிவில் 4 லட்சத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிரித்து எழுதியவர் முதலில் வருமானமாகாத மானியம் 2,50,000-ஐத் துடைக்கிறார். ஏற்கெனவே வருமானமாக எடுத்த 1,50,000 அந்த ஆண்டே செலவாக விழுகிறது. பழைய ஆண்டுக் கணக்குகளைத் திறக்க வேண்டியதில்லை. கழித்து எழுதியவரோ இயந்திரத்தின் மதிப்பை 4 லட்சம் ஏற்ற வேண்டும், மானியமே இல்லாதிருந்தால் இதுவரை போட்டிருக்கவேண்டிய கூடுதல் தேய்மானம் 1,50,000-ஐ உடனே செலவில் எழுத வேண்டும். முடிவில் இயந்திரம் 7,50,000-க்குத்தான் வந்து நிற்கும், ஆனால் கையால் செய்கிறவருக்குப் பிசகு நேர இடம் அதிகம்.

இன்னொரு இடமும் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் தணிக்கையில் அதிகம் பார்த்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டு முடிவில், இயந்திரம் இன்னும் 5 ஆண்டு ஓடாது, 3 ஆண்டுதான் ஓடும் என்று தெரிகிறது. தேய்மானத்தைத் திருத்திவிடுவார்கள்: 7,50,000-ஐ மூன்றால் வகுத்து ஆண்டுக்கு 2,50,000. மானியப் பதிவு வேறொரு தாளில் இருக்கும், அது பழைய 50,000-லேயே ஓடும். ஆறாம் ஆண்டு முடிவில் இயந்திரம் ஏட்டில் சுழியம், ஆனால் ஒரு லட்சம் மானியம் சொத்தே இல்லாமல் பொறுப்புகள் பக்கம் அனாதையாக நிற்கும். மூன்று ஆண்டும் இலாபம் குறைத்தே காட்டப்பட்டிருக்கும். சரியான தொகை ஆண்டுக்கு 83,333.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இறுதி மதிப்பு எதுவும் இல்லாத சொத்துக்கு, வருமானமாகாத மானியத்தைச் சொத்தின் ஏட்டு மதிப்பால் வகுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் மூன்றில் ஒன்று என்றால் கடைசி வரை மூன்றில் ஒன்றாகவே இருக்க வேண்டும். விகிதம் ஏறினாலோ இறங்கினாலோ இரண்டு பதிவுகளும் பிரிந்துவிட்டன என்று பொருள்.

---

அன்வர் எழுதியது:

இந்தச் சோதனையை மென்பொருளில் வைத்துவிடலாம். சூத்திரம் இவ்வளவுதான்:

```
ஆண்டு மானிய வருமானம் =
  வருமானமாகாத மானியம் × ஆண்டுத் தேய்மானம் ÷ ஆண்டுத் தொடக்க ஏட்டு மதிப்பு
```

ஆயுளைத் திருத்தினால் தேய்மானம் மாறும், மானிய வருமானமும் தானாக மாறும். பரமசிவம் ஐயா கணக்கில் போட்டுப் பார்த்தேன், 2,50,000 × 2,50,000 ÷ 7,50,000 = 83,333 வருகிறது. இறுதி மதிப்பு இருந்தால் மட்டும் கீழே ஏட்டு மதிப்பிலிருந்து அதைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும், இல்லையென்றால் மானியத்தில் ஒரு துண்டு வெளியே வராமல் தங்கிவிடும்.

---

மலர்விழி எழுதியது:

நன்றி. 'வருமானமாகாத மானியம்', 'மானிய வருமானமாக்கம்' இரண்டையும் பட்டியலில் ஏற்றுகிறேன். சமபங்கு, விடுவிப்பு இரண்டும் ஏன் விடப்பட்டன என்று குறிப்பும் சேர்க்கிறேன்.

ஒன்று மட்டும் நிற்கிறது. டெஃபர்டு இன்கம் மானியத்துக்கு மட்டும் உரியதல்ல. வாடிக்கையாளர் ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டினாலும் அதே பெயரில்தான் நிற்கும். அங்கே 'முன்பெற்ற வருமானம்' என்று பலரும் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே பொதுச்சொல் வேண்டுமா?

---

பரமசிவம் எழுதியது:

வேண்டாம் என்பேன். சந்தா கட்டியவருக்கு நாம் இன்னும் சேவை தரவேண்டிய கடமை இருக்கிறது. மானியத்தில் பெரும்பாலும் நிபந்தனையை நிறைவேற்றிய பிறகும் தொகை அந்தப் பக்கத்திலேயே நிற்கிறது, யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. அதை உண்மையில் பொறுப்பு என்று சொல்லலாமா என்பதிலேயே கணக்கியலாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

---

செந்தில் எழுதியது:

நான் இதில் ஒத்துப்போகவில்லை ஐயா. ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கும்போது தமிழில் இரண்டாகப் பிரித்தால், மொழிபெயர்க்கிறவர் ஒவ்வொரு முறையும் எது எது என்று தேட வேண்டியிருக்கும். 'முன்பெற்ற வருமானம்' என்பதைப் பொதுச்சொல்லாக வைத்து, அதன் கீழ் ஒரு வகையாக 'வருமானமாகாத மானியம்' என்று போடலாமே.

---

ஜெயந்தி எழுதியது:

எங்கள் ஆணையை எடுத்துப் பார்த்தேன். ஐந்து ஆண்டுக்குள் கூடம் கட்ட வேண்டும் என்று இருக்கிறது, இன்னும் அடித்தளம் கூடப் போடவில்லை. அப்படியானால் இப்போதைக்கு எதையும் வருமானத்துக்கு எடுக்காமல், முழுத்தொகையையும் வருமானமாகாத மானியம் என்றே வைத்திருக்கிறேன். செந்தில் தம்பி சொல்வது போல 'முன்பெற்ற' என்று மேலே இருந்தால், எங்கள் உறுப்பினர்கள் இதைச் சந்தாப் பணம் என்றுதான் படிப்பார்கள்.