பக்கத்துக்கு 15 ரூபாய் சரி, எந்தப் பக்கத்துக்கு?

வளர்பிறை
ஒரு பதிப்பகத்துக்கு முதல்முறையாக ஒரு நாவலுக்கு மெய்ப்புப் பார்த்தேன். பக்கத்துக்கு 15 ரூபாய் என்று பேச்சு. எனக்கு வந்த வேர்டு கோப்பு ஏ4 அளவில் 118 பக்கம். டெமி அளவில் புத்தகமாக வடிவமைத்ததும் அது 208 பக்கம் ஆகிவிட்டது. 118-க்குத்தான் கணக்குப் போட்டு 1,770 ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு சுற்றும் சேர்த்து 31 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். இனிமேல் பக்கக் கணக்கை விட்டுவிட்டு, சொல்லுக்கு இவ்வளவு என்று கேட்கலாமா?

நெடுங்கணக்கு
தாராளமாகக் கேளுங்கள். எழுத்துரு அளவை மாற்றினால் பக்கம் மாறும், ஓரம் விட்டால் மாறும், வரி இடைவெளி விட்டால் மாறும். சொல் மாறாது. கோப்பைத் திறந்தால் கீழேயே எண்ணிக்கை தெரிகிறது, இரண்டு பேரும் ஒரே எண்ணைப் பார்க்கலாம். சண்டைக்கே இடமில்லை.

அச்சுமை
தம்பி, சொல் மாறாது என்று யார் சொன்னது? மெய்ப்புப் பார்ப்பவரே அதை மாற்றுகிறார்.

எழுத்தாளர் ‘வந்து கொண்டு இருந்தான்’ என்று எழுதி அனுப்புகிறார். வேர்டில் அது மூன்று சொல். நீங்கள் ‘வந்துகொண்டிருந்தான்’ என்று சேர்க்கிறீர்கள், ஒரு சொல்லாகிவிட்டது. நாவல் முழுக்க இப்படித்தான்: பார்த்து விட்டாள், செய்து பார், சொல்லி இருக்கிறேன். வேலையைச் சரியாகச் செய்யச் செய்ய உங்கள் கூலி குறையும்! வளர்பிறை, வந்த கோப்பிலும் திருத்திய கோப்பிலும் சொல் எண்ணிக்கை என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்.

வளர்பிறை
பார்த்தேன் ஐயா. வந்தபோது 37,460. திருத்தி அனுப்பியபோது 34,910. இரண்டாயிரத்து ஐந்நூறு சொல்லுக்கு மேல் நானே விழுங்கியிருக்கிறேன்.

நெடுங்கணக்கு
சரி, இது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வந்த கோப்பின் எண்ணிக்கையைத்தான் எடுப்போம் என்று முதலிலேயே எழுதிக்கொண்டால் தீர்ந்ததே?

அச்சுமை
ஒரு கோப்புக்குத் தீரும். அடுத்த எழுத்தாளர் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுபவராக இருந்தால்? அதே அளவு கதை, அதே அளவு வாசிப்பு, சொல் எண்ணிக்கை மட்டும் குறைவு. ஒழுங்காக எழுதுகிறவரிடம் குறைவாகவும் பிரித்துப் போடுகிறவரிடம் அதிகமாகவும் வாங்குவீர்கள். அதுகூட ஒருவகையில் நியாயம்தான் என்று வாதாடலாம், பிரித்தெழுதியவரின் கோப்பில் வேலை அதிகம் என்பதால். ஆனால் அது தற்செயலாக அமைகிற நியாயம்.

எழுத்துக்குறிகளை எண்ணுவதுதான் எனக்குத் தெரிந்து நிலையாக நிற்பது. இடைவெளியையும் சேர்த்து எண்ண வேண்டும்.

நெடுங்கணக்கு
சந்தேகமாக இருந்ததால் ஓட்டிப் பார்த்தேன்:

```python
print(len("வந்து கொண்டு இருந்தான்"))  # 22
print(len("வந்துகொண்டிருந்தான்"))      # 19
```

மூன்று சொல் ஒன்றாகிறது, 22 குறி 19 ஆகிறது. ஆக, இதில் ஆட்டம் ரொம்பக் குறைவு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது நாம் பள்ளியில் படித்த எழுத்துக் கணக்கு இல்லை. ‘தமிழ்’ என்றால் நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி. இதை ஒரு பதிப்பாளரிடம் விளக்கிப் புரியவைப்பது யார்?

சிறுபதிப்பு
பதிப்பாளர் ஒருவன் இங்கேயே இருக்கிறேன், எனக்குப் புரிகிறது. :)

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். முதல் பதிப்பாக 300 பிரதி அடிக்கும் புத்தகம். மெய்ப்புக்கு 3,000 ரூபாய் என்றால் ஒரு பிரதிக்குப் பத்து ரூபாய். தாள், அட்டை, அச்சு, விற்பனையாளர் கழிவு எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசியுங்கள். அதைவிட, புத்தகப் பக்கத்துக்குக் கூலி என்பதில் எனக்கு வேறொரு தகராறு உண்டு. வயதானவர்கள் வாசிக்கட்டும் என்று நான் எழுத்தைப் பெரிதாக்கினால் 208 பக்கம் 240 ஆகும். அந்த 32 பக்கத்துக்கு மெய்ப்புப் பார்ப்பவர் என்ன கூடுதலாக வாசித்தார்?

அச்சுமை
அது நியாயம். புத்தகப் பக்கத்துக்குக் கூலி என்பது பழைய அச்சக வழக்கம். அப்போது மெய்ப்பே அச்சுக் கோத்த பக்கத்தில்தான் வரும், 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கு. கோப்பு என்று ஒன்று தனியாகக் கிடையாது, குழப்பமும் கிடையாது. இப்போது வேலை வேர்டில் நடக்கிறது, பேச்சு மட்டும் அந்தக் காலத்துப் பேச்சாக இருக்கிறது. வளர்பிறை ‘பக்கம்’ என்றது புத்தகத்தை, அவர்கள் ‘பக்கம்’ என்றது ஏ4 தாளை. யாரும் பொய் சொல்லவில்லை.

வளர்பிறை, கோப்பில் எழுத்துக்குறி எவ்வளவு?

வளர்பிறை
இடைவெளியோடு சேர்த்து ஏறக்குறைய 3,30,000.

அச்சுமை
அப்படியானால் ஓர் ஏ4 பக்கத்தில் சுமார் 2,800 குறி. புத்தகப் பக்கத்தில் 1,590 போல. நான் 1,600 குறியை ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வேன். உங்கள் நாவல் அப்போது 206 பக்கம், 3,090 ரூபாய். எழுத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் இது 206-தான். பதிப்பாளரும் ‘பக்கத்துக்கு 15’ என்ற பழகிய பேச்சை விட வேண்டியதில்லை. வேலை தொடங்குமுன் கடிதத்தில் ஒரே ஒரு வரி போதும்: ஒரு பக்கம் என்பது வந்த கோப்பில் இடைவெளி உட்பட 1,600 எழுத்துக்குறி.

ஒன்று, கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே எண்ணுங்கள். யூனிகோடில் ‘கொ’ இரண்டு குறி, பாமினியில் nfh என்று மூன்று.

தட்டச்சுமேசை
நான் மாணவர்களின் ஆய்வேடுகளும் சின்ன அலுவலகங்களின் கடிதங்களும் தட்டச்சு செய்துகொடுக்கிறேன். எங்களுக்கு இந்தக் குறிக் கணக்கெல்லாம் ஒத்துவராது. கையெழுத்துப் புரியாத ஒரு பக்கம், தெளிவான மூன்று பக்கத்துக்குச் சமம். அட்டவணை வந்தால் தனி. நெறியாளர் திருத்தச் சொன்னார் என்று பிள்ளைகள் நான்கு முறை வருவார்கள், அதையும் ‘சின்ன மாற்றம்தான் அக்கா’ என்பார்கள். அதனால் முதல் திருத்தம் இலவசம், அப்புறம் மணிக்கணக்கு என்று வைத்துவிட்டேன்.

கோப்பை மாற்றுவது பற்றிச் சொன்னீர்களே, அதில் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒரு ஆய்வேட்டில் ‘ஔவை’ என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து ‘ஒளவை’ என்று இருந்தது. பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஒட்டுமொத்தமாக ‘ஒள’-வை ‘ஔ’ ஆக மாற்றிவிட்டேன். ‘ஒளி’, ‘ஒளிந்து’ எல்லாம் நாசம். ராத்திரி முழுக்க அதைச் சரிசெய்தேன், அதற்கு யாரிடம் காசு கேட்பது?

வளர்பிறை
அக்கா, நான் கேட்டது மெய்ப்புப் பற்றி. ஆனால் என் கோப்பிலும் ‘அவா்’ என்று ரகரத்துக்குப் பதில் துணைக்கால் போட்டுப் புள்ளி வைத்திருந்தார்கள். ‘அவர்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை.

அச்சுமை
நல்ல இடத்துக்கு வந்தீர்கள். கோப்பு வந்ததும் நான் முதலில் துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்து ‘ா்’ என்று தேடுவேன். தமிழில் அந்தச் சேர்க்கை எங்கேயும் சரியாக வராது என்பதால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ‘ர்’ ஆக மாற்றலாம். ஔகாரத்தில் அப்படி முடியாது, அக்கா பட்டது அதுதான். நூற்றுக்கணக்கில் ‘ா்’ அகப்பட்டால், அந்தக் கோப்பை யாரும் ஒழுங்காக வாசிக்கவில்லை என்று தெரிந்துகொள்வேன், அதற்கேற்ற விலை சொல்வேன்.

விலை சொல்லுமுன் மாதிரி பார்ப்பதும் அவசியம். முதல் அத்தியாயத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எழுத்தாளர் அதைப் பத்து முறை திருத்தியிருப்பார். நடுவில் ஐந்து பக்கம், கடைசிக்குச் சற்று முன் ஐந்து பக்கம் எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு திருத்துங்கள். மணிக்கு எத்தனை பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். வளர்பிறை, முதல் சுற்றுக்கு மட்டும் எவ்வளவு நேரம்?

வளர்பிறை
22 மணி. இரண்டாம் சுற்று 9.

அச்சுமை
206 பக்கம், 22 மணி. மணிக்கு ஒன்பது பக்கத்துக்கும் சற்று மேல். 15 ரூபாய்க்குப் பார்த்தால் மணிக்கு 140. இரண்டாம் சுற்றையும் சேர்த்தால் 100-க்கு இறங்கிவிடுகிறது. உங்கள் உண்மையான நஷ்டம் ஏ4-இல் பாதி, இரண்டாம் சுற்றை விலை பேசாமல் விட்டதில் பாதி.

சிறுபதிப்பு
இரண்டாம் சுற்றுக்குத் தனியாகக் காசா? முதல் சுற்றில் விட்ட பிழையைப் பிடிக்கத்தானே இரண்டாம் சுற்று? தச்சர் கதவு செய்து, அது மூடவில்லை என்றால் வந்து இழைத்துக் கொடுப்பதற்குத் தனிக் கூலியா கேட்பார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒருவர் ‘அங்கு சென்றான்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘அங்குச் சென்றான்’ என்று ஒற்றுப் போட்டு அனுப்பினார். இலக்கணம் அவர் பக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் புத்தகங்களில் அந்த ஒற்று போடுவதில்லை. அத்தனையையும் எடுக்கச் சொன்னேன், அதற்கும் நேரம் ஆனது என்று பட்டியல் வந்தது.

வளர்பிறை
நீங்கள் முன்பே சொல்லியிருந்தால் அவர் போட்டிருக்க மாட்டாரே? எனக்கு எந்தக் குறிப்பும் தரவில்லை. வட்டார வழக்கில் இருக்கும் உரையாடலைத் தொடலாமா, ‘ஒரு ஊர்’ என்பதை ‘ஓர் ஊர்’ ஆக்கலாமா, எதுவும் தெரியாமல்தான் ஆரம்பித்தேன்.

இரண்டாம் சுற்றில் நான் கண்டுபிடித்தவற்றில் முக்கால்வாசி நான் விட்டவை இல்லை. வடிவமைத்தவர் என் யூனிகோடு கோப்பைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பேஜ்மேக்கரில் போட்டிருக்கிறார். ‘ஸ்ரீ’ எல்லாம் சிதைந்து, மேற்கோள் குறிகள் வேறு எழுத்துகளாக மாறியிருந்தன. கதவு சரியாகத்தான் மூடியது, எடுத்துப் போகும்போது யாரோ இடித்துவிட்டார்கள்.

சிறுபதிப்பு
பேஜ்மேக்கர் யூனிகோடு எடுக்காது, அதனால் மாற்றித்தான் ஆக வேண்டும். எங்கள் வடிவமைப்பாளருக்கு 20 வருடமாக அதுதான் கை. புது மென்பொருளுக்கு மாறச் சொன்னால் அவர் விலையை ஏற்றுவார். உங்கள் வாதம் விளங்குகிறது, ஆனால் அந்தச் செலவை நான் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.

நெடுங்கணக்கு
வடிவமைப்பாளர் தலைப்பில் எழுதுங்கள். :) மாற்றுவதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு உரையையும் ஒப்பிட்டால் எந்தப் பிழை எங்கே நுழைந்தது என்று காட்டிவிடலாம். வடிவமைத்த கோப்பிலிருந்து உரையை எடுத்து மறுபடி யூனிகோடுக்குக் கொண்டுவந்து...

அச்சுமை
அந்த மறுபடி மாற்றத்திலும் பிழை நுழையும், தம்பி. அப்புறம் எது யாருடையது?

நான் இரண்டாம் சுற்றுக்கு முதல் சுற்றின் மூன்றில் ஒரு பங்கு வாங்குகிறேன். எனக்குக் கொடுக்கிறார்கள். எல்லாரும் கொடுப்பார்கள் என்று சொல்ல மாட்டேன்.

தட்டச்சுமேசை
நாலாவது முறை வரும் பிள்ளையிடம் மணிக்கணக்கைச் சொன்னால் முகம் வாடிப்போகிறது. மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லிப் பார்க்கிறேன், கேட்க எப்படி இருக்கிறது என்று.

வளர்பிறை
அந்தப் பதிப்பகத்துக்கு 206 பக்கக் கணக்கை அனுப்பினேன். இந்தப் புத்தகத்துக்குப் பேசியது பேசியதுதான், அடுத்ததிலிருந்து 1,600 குறிக்கு ஒப்புக்கொள்கிறோம் என்றார்கள். இரண்டாம் சுற்றைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. அடுத்த கோப்பு மட்டும் வந்துவிட்டது. ‘ா்’ என்று தேடினேன், 611.

அச்சுமை
எடுத்த எடுப்பில் 15-க்கு ஒப்புக்கொண்டு விடாதீர்கள். நடுவிலிருந்து ஐந்து பக்கம் முதலில்.