பள்ளிச் சான்றிதழ்ல இருந்த தேதியை மொழிபெயர்ப்பாளர் "சரி பண்ணி" குடுத்துட்டாரு: விசா ஃபைல் அனுபவம், உங்களுதும் சொல்லுங்க

தூரத்துநிலா

கனடா பிஆர் ஃபைல் போன மாசம்தான் சமர்ப்பிச்சேன். அதுல என் தூக்கத்தைக் கெடுத்தது மெடிக்கலும் இல்ல, பேங்க் லெட்டரும் இல்ல, ரெண்டே ரெண்டு தாள்தான். ஒண்ணு என் பிறப்புப் பதிவு, இன்னொண்ணு பள்ளிக்கூடத்துல குடுத்த மாற்றுச் சான்றிதழ். ரெண்டுமே முழுக்க தமிழ், பேனாவால நிரப்பினது, சீல் பாதி அழிஞ்சு போயிருக்கு.

மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர்கிட்ட குடுத்தேன். வாங்கிப் பார்த்தப்போ அழகா இருந்துச்சு, அசல்ல எங்க கட்டம் இருக்கோ அங்கயே இங்கிலீஷ்லயும் கட்டம். அப்படியே ஸ்கேன் பண்ணிப் போட்டுடலாம்னு இருந்தேன், எதுக்கும் ஒரு தடவை அசலைப் பக்கத்துல வச்சு வரிக்கு வரி பார்ப்போம்னு உட்கார்ந்தேன். நல்லவேளை உட்கார்ந்தேன்.

முதல்ல இனிஷியல். அசல்ல என் பேருக்கு முன்னாடி "க." போட்டிருக்கு, அப்பா பேரு கணேசன். பாஸ்போர்ட்ல அப்பா பேரு ஜி எழுத்துல ஆரம்பிக்குது. இவரு க-வைப் பார்த்ததும் கே போட்டுட்டாரு. தமிழ் எழுத்தை வச்சுப் பார்த்தா தப்புன்னு சொல்ல முடியாது, நம்ம க ரெண்டு சத்தத்துக்கும்தான் நிக்குது. ஆனா ஃபைலைப் பார்க்குற ஆளுக்கு கே ஒரு பொண்ணு, ஜி வேற ஒரு பொண்ணு.

ரெண்டாவதுதான் பயந்துட்டேன். என் பாஸ்போர்ட்லயும் பிறப்புப் பதிவுலயும் பிறந்த தேதி 14. பள்ளிச் சான்றிதழ்ல 4னு எழுதியிருக்காங்க, எழுத்தாலயும் "நான்கு"ன்னே இருக்கு. மொழிபெயர்ப்புல பார்த்தா 14! போன் பண்ணிக் கேட்டேன். "உங்க பாஸ்போர்ட்ல 14 தானேம்மா இருக்கு, பள்ளிக்கூடத்துல யாரோ கவனமில்லாம எழுதியிருக்காங்க, உங்க நல்லதுக்குத்தான் மாத்தினேன்"னாரு. நிஜமாவே நல்ல மனசோடதான் செஞ்சிருக்காரு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அதே தாளோட "இது அசலுக்கு உண்மையான, முழுமையான மொழிபெயர்ப்பு"ன்னு சத்தியம் பண்ணி பிரமாணப் பத்திரத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்காரு. மொழிபெயர்ப்பு கூடவே அசலோட காப்பியும் போகுது, அதுல 4ங்கிற எண்ணு யாருக்கும் தெரியும், அதுக்குத் தமிழ் தெரிய வேண்டியதே இல்ல. கனடால தகவலைத் திரிச்சுக் குடுத்தாங்கன்னு முடிவு பண்ணிட்டா 5 வருஷம் விண்ணப்பிக்கவே முடியாது. அதை நினைச்சப்போ கை நடுங்கிடுச்சு.

திருப்பிப் போயி தேதியை அசல்ல இருக்கிற மாதிரியே 4னு போட வச்சேன். இனிஷியலுக்கு பாஸ்போர்ட் ஸ்பெல்லிங்கையே வச்சுட்டு, கீழ மொழிபெயர்ப்பாளர் குறிப்புன்னு ஒரு வரி: தமிழ்ல க எழுத்து ரெண்டு ஒலிக்கும் பொது, விண்ணப்பதாரரோட பாஸ்போர்ட்ல உள்ள ஸ்பெல்லிங் பின்பற்றப்பட்டிருக்கு. தேதி ஏன் மாறி இருக்குன்னு நான் தனியா ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன், அரைப் பக்கம்தான். பக்கம் மாறினதால பிரமாணப் பத்திரத்தையும் புதுத் தேதி போட்டு மறுபடி கையெழுத்து வாங்கினோம்.

இதே மாதிரி யாருக்காவது நடந்திருக்கா?

ஈரமண்

இவ்வளவு அலைஞ்சிருக்கவே வேணாம்மா. நோட்டரி சீல் ஒண்ணு இருந்தாப் போதும், யாரு மொழிபெயர்த்தாங்கன்னு எவனும் பார்க்க மாட்டான். நான் அமெரிக்கா ஃபைலுக்கு என் ஃப்ரெண்டை வச்சு எழுதி நோட்டரிகிட்ட சீல் அடிச்சுப் போட்டேன், ஒரு கேள்வி வரல.

பழையபேனா

நான் தமிழ்-இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேலையிலதான் பல வருஷமா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

ஈரமண் சார், உங்க ஃபைல் போனது நோட்டரி சீலால இல்ல. அமெரிக்காவுக்கு நோட்டரியே தேவையில்ல. முழு மொழிபெயர்ப்பு, அது முழுமையானது சரியானதுன்னு மொழிபெயர்த்தவரோட உறுதிமொழி, தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்க்க தனக்குத் திறமை இருக்குன்னும் அவரே சொல்லணும், இதைத்தான் அவங்க விதி கேக்குது. உங்க ஃப்ரெண்டு அதை எழுதிக் குடுத்திருப்பாரு, அதான் வேலை செஞ்சிருக்கு. நோட்டரி பார்க்கிறது கையெழுத்துப் போட்ட ஆள் யாருங்கிறதை மட்டும்தான், உள்ள இருக்கிற மொழிபெயர்ப்பு சரியான்னு அவரு பார்க்கிறதும் இல்ல, பொறுப்பு ஏத்துக்கிறதும் இல்ல. கனடால மட்டும் கதை வேற, மொழிபெயர்த்தவர் ஒரு மொழிபெயர்ப்பாளர் சங்கத்துல சான்று பெற்ற உறுப்பினரா இல்லைன்னா பிரமாணப் பத்திரம் கண்டிப்பா வேணும்.

தூரத்துநிலா, நீங்க செஞ்சது ரொம்ப சரி. பேரையும் தேதியையும் நீங்க வேற வேற மாதிரி கையாண்டீங்க பாருங்க, அங்கதான் நிறைய பேர் குழம்பிடுறாங்க. தமிழ்ப் பேருக்கு இங்கிலீஷ்ல ஒரே ஒரு சரியான ஸ்பெல்லிங்னு கிடையாது. ழ-வை ஒருத்தர் எல்னு எழுதுவாரு, இன்னொருத்தர் இசட் எச்னு எழுதுவாரு, ப-வுல P-யும் வரும் B-யும் வரும். ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆகணும்கிறப்போ பாஸ்போர்ட்ல இருக்கிறதைத் தேர்ந்தெடுத்தா யாரையும் ஏமாத்தின மாதிரி ஆகாது. தேதி அப்படி இல்ல. 4 எந்த மொழியிலயும் 4தான். மூலத்துல தப்பு இருந்தா அந்தத் தப்பையும் சேர்த்துத்தான் மொழிபெயர்க்கணும், விளக்கம் சொல்றது விண்ணப்பதாரரோட வேலை.

வேலை குடுக்குறப்பவே பாஸ்போர்ட் முதல் பக்கக் காப்பியையும் சேர்த்துக் குடுத்துடுங்க, ஆனா "இது பேரு ஸ்பெல்லிங்குக்கு மட்டும்"னு வாய்விட்டுச் சொல்லிடுங்க. உங்க விஷயத்துல அந்த ரெண்டாவது பாதியைச் சொல்லாம விட்டதாலதான் அவரு தேதியிலயும் கை வச்சுட்டாரு.

வாங்கினதும் பார்க்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கு. அப்பா பேருக்கு முன்னாடி "காலஞ்சென்ற"ன்னு இருக்கான்னு தேடுங்க. அவசரத்துல அதை விட்டுட்டுப் பேரை மட்டும் எழுதிடுவாங்க. குடும்ப விவரப் படிவத்துல நீங்க அப்பா இல்லைன்னு எழுதியிருப்பீங்க, மொழிபெயர்ப்புல அவரு உயிரோட இருக்கிற மாதிரி நிக்கும். அப்புறம் சீல். தமிழ்ல இருக்கிற சீல், முத்திரை, ஓரத்துல எழுதின குறிப்பு, அடிச்சுத் திருத்தினது எல்லாமே மொழிபெயர்ப்புல வரணும். அழிஞ்ச சீலா இருந்தா "வட்ட முத்திரை, இடது பக்க எழுத்துகள் படிக்க முடியவில்லை"ன்னு இங்கிலீஷ்ல எழுதணுமே தவிர, இப்படித்தான் இருந்திருக்கும்னு ஊகிச்சு நிரப்பக் கூடாது. கட்டம் காலியா இருந்தா காலின்னு எழுதணும். பழைய பிறப்புப் பதிவுல குழந்தை பேர் கட்டம் காலியாவே இருக்கும், அதுல தயவுசெஞ்சு யாரும் பேரை எழுதி வச்சுடாதீங்க.

பயணி

என் கதை வேற மாதிரி. என் சித்தி இங்கிலீஷ் ப்ரொஃபசர், 30 வருஷம் பாடம் எடுத்தவங்க, மொழிபெயர்ப்பு அவ்வளவு சுத்தம். பிரமாணப் பத்திரமும் போட்டோம். கனடாவுக்கு அனுப்பினேன், வேற ஆள்கிட்ட பண்ணி அனுப்புங்கன்னு திரும்பக் கேட்டுட்டாங்க. எனக்கும் சித்திக்கும் கடைசிப் பேரு ஒண்ணு, அதை வச்சே கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன். சித்திக்குத்தான் ரொம்ப மனசு கஷ்டமாப் போச்சு.

பழையபேனா

ஆமாங்க, அவங்க விதியிலயே இருக்கு. விண்ணப்பதாரர், அப்பா அம்மா, கூடப்பிறந்தவங்க, கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பிள்ளைங்க, மாமா சித்தி அத்தை, அண்ணன் தம்பி பிள்ளைங்க, ஒண்ணுவிட்ட சகோதரங்க வரைக்கும் யாரும் செய்யக் கூடாது. வக்கீலா இருந்தாலும் சரி, சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளராவே இருந்தாலும் சரி. சித்தியோட திறமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அவங்ககிட்ட சொல்லுங்க.

சிறுகுறிப்பு

எல்லாருக்கும் வணக்கம், பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் வாங்க எத்தனை நாள் ஆகும்? மொழிபெயர்ப்புக்கு முன்னாடி வாங்கணுமா பின்னாடியா?

பழையபேனா

அது வேற விஷயம் தம்பி. அசல்ல கையெழுத்துப் போட்ட அதிகாரி உண்மையானவர்தான்னு சொல்றதுதான் அப்போஸ்டில், மொழிபெயர்ப்பைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது. முதல்ல உங்க விசாவோட ஆவணப் பட்டியல்ல அதைக் கேட்டிருக்காங்களான்னு பாருங்க. கேட்டிருந்தா அசலுக்கு வாங்கிட்டு அப்புறமா மொழிபெயர்க்கக் குடுங்க, அந்த முத்திரையும் மொழிபெயர்ப்புல சேரும்.

வெள்ளைக்காகிதம்

நான் யூகே போட்டேன். அங்க சீல் பத்தி யாரும் பெருசா கவலைப்படல, மொழிபெயர்த்தவரைத் தேடிப் பிடிக்க முடியுமாங்கிறதுதான் முக்கியமா இருந்துச்சு. அசலுக்குச் சரியான மொழிபெயர்ப்புன்னு ஒரு வரி, மொழிபெயர்த்த தேதி, முழுப் பேரு, கையெழுத்து, தொடர்பு விவரம், இத்தனையும் இருக்கணும். எனக்குச் செஞ்சவர் பிறப்புப் பதிவுல எல்லாம் போட்டுட்டு பள்ளிச் சான்றிதழ்ல தேதியை விட்டுட்டாரு, ரெண்டும் ஒரே ஃபைல்தானேன்னு நினைச்சிருக்காரு போல. அப்லோடு பண்றதுக்கு முந்தின நாள் ராத்திரிதான் கவனிச்சேன். ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனித்தனியா இருக்கணும், இதை எல்லாரும் பார்த்துக்கோங்க.

தூரத்துநிலா அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். தேதி தப்புன்னு தெரிஞ்சப்புறம் பள்ளியிலயே திருத்தி வாங்கிட்டு அதை மொழிபெயர்த்திருக்கலாமே? விளக்கக் கடிதம் போட்டா நாமளே போயி காட்டிக் குடுக்கிற மாதிரி ஆகாதா?

தூரத்துநிலா

அதை நானும் யோசிச்சேன்பா. நான் படிச்ச பள்ளியை மூடிட்டாங்க, பழைய பதிவேடு எங்க இருக்குன்னு தேடவே மாசக்கணக்கா ஆகும்னாங்க, எனக்கு இருந்த கெடு 60 நாள். அதோட அந்தப் பழைய சான்றிதழை வச்சுத்தான் காலேஜ் சேர்ந்தேன், அங்க இருக்கிற பதிவுல எல்லாம் 4னுதான் இருக்கும். இதை மட்டும் திருத்திட்டா அப்புறம் அதுக்கும் இதுக்கும் ஒத்துப்போகாது.

பழையபேனா

நானா இருந்தா, நேரம் இருக்கிறப்போ திருத்தி வாங்கிடுங்கன்னுதான் சொல்லுவேன், ஃபைல்ல முரண்பாடே இல்லாம போறது மாதிரி வராது. ஆனா என்கிட்ட வர்றவங்கள்ல சில பேருக்கு திருத்தின சான்றிதழ்ல சமீபத்துத் தேதி இருக்கிறதைப் பார்த்துட்டு "இது ஏன் இப்பத்தான் மாத்தினீங்க"ன்னு கேள்வி வந்திருக்கு. அப்பவும் விளக்கக் கடிதம் எழுதித்தான் ஆக வேண்டி இருந்துச்சு.

ஈரமண்

நோட்டரி விஷயத்துல நான் தப்பாப் புரிஞ்சுகிட்டு இருந்திருக்கேன், இப்போ பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன், ஃப்ரெண்டு எழுதின உறுதிமொழி கீழ இருக்கு. ஆனா அந்த மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எனக்கு இன்னும் ஒத்துக்கல. ஆபீசர் ஜியும் கேவும் பெருசா எடுத்திருக்கவே மாட்டாரு, குறிப்பு போட்டு நாமளே அவரோட கண்ணை அங்க இழுத்துட்டுப் போறோம்னு தோணுது.

தூரத்துநிலா

இருக்கலாம் சார். ஆனா என் ஃபைல்ல அப்பா பேரு மூணு தாள்ல வருது, மூணையும் ஒரே ஆள் ஒரே நாள்ல பார்க்கப் போறாரு. சமர்ப்பிச்சு 5 வாரம் ஆச்சு, இன்னும் எதுவும் கேக்கல. ஏதாவது வந்தா இங்கயே எழுதுறேன்.