டோஃபு சிவக்க மாட்டேன் என்கிறது, உள்ளே சப்பென்று இருக்கிறது. உதவுங்கள்

கவிதா: 200 கிராம் கெட்டி டோஃபு. தண்ணீரை வடித்து, துண்டு போட்டு, சோயா சாஸ், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், தேன், 2 மேசைக்கரண்டி எண்ணெய் எல்லாம் கலந்து இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவைத்தேன். தோசைக்கல்லில் போட்டால் ஒட்டுகிறது. மசாலா கருகுகிறது, டோஃபு வெள்ளையாகவே இருக்கிறது. கடித்தால் உள்ளே உப்பே இல்லை. இன்னும் அதிக நேரம் ஊறவைக்க வேண்டுமா?

முருகேசன்: தண்ணீரைப் பிழியாததுதான் காரணம். அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வையுங்கள். எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது.

சாந்தி: பிழிய வேண்டும், சரி. ஆனால் அம்மிக்கல் வைத்தால் ஓரம் வெடித்து உதிர்ந்துவிடும். அரை அங்குல வில்லைகளாக வெட்டி, இரண்டு துணிக்கு நடுவில் பரப்பி, மேலே தட்டு வைத்து, ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் வைத்தால் போதும். அரை மணி நேரம்.

கவிதா, ஊறும் நேரம் உங்கள் பிரச்சினை இல்லை, எண்ணெய்தான். டோஃபு முழுக்கத் தண்ணீர். எண்ணெய் அதற்குள் போகாது, மேலே படிந்து சோயா சாஸையும் தடுக்கும். அழுத்திய பிறகு, 2 கப் கொதிக்கும் நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு 15 நிமிடம் மூழ்கவிடுங்கள். மறுபடி தண்ணீரா என்று தோன்றும். ஆனால் அந்தச் சூட்டில் டோஃபு இறுகி உள்நீரை வெளியே விடும், உப்பும் கொஞ்சம் ஏறும். எடுத்து நன்றாக ஒற்றிவிட்டு, எண்ணெயும் தேனும் இல்லாத கலவையில் அரை மணி நேரம் ஊறட்டும்.

அப்புறம் மசாலாவை வழித்துவிட்டு, சோள மாவு லேசாகத் தூவிப் புரட்டுங்கள். ஈரம் இருக்கும்வரை அது வேகுமே தவிர சிவக்காது. கல் காய்ந்து எண்ணெய் விட்டபின் மிதமான தீயில் போட்டு, நாலு நிமிடம் தொடாதீர்கள். அடி சிவந்தால் தானாகவே கல்லை விட்டு வரும். ஒட்டினால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். மீதிக் கலவையில் தேனைக் கலந்து கடைசி ஒரு நிமிடம் ஊற்றிப் புரட்டுங்கள். சுவை நாக்கில் படுவது பெரும்பாலும் அந்தப் பூச்சில்தான்.

ரஃபீக்: நானும் அழுத்தினேன், சட்னி மாதிரி ஆகிவிட்டது. பாக்கெட்டில் 'சில்கன்' என்று போட்டிருந்தது.

சாந்தி: அது வேறு வகை, ரஃபீக் தம்பி. அதை அழுத்தவே கூடாது. சூப்பில் போடுங்கள்.

ஜெயந்தி: ஃப்ரீசரில் ஒரு நாள் உறையவைத்துப் பாருங்கள் கவிதா. மஞ்சளாகத் தெரியும், பயப்படாதீர்கள், இளகினால் வெளுத்துவிடும். ஐஸ் விட்ட ஓட்டைகள் இருப்பதால் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாலே நீர் கொட்டும். அப்புறம் குழம்பை நன்றாக உறிஞ்சும்.

சாந்தி: உறிஞ்சும், உண்மைதான். ஆனால் மெல்லுவதற்கு ரப்பர் போல ஆகிவிடுகிறது. குழம்புக்கு ஒத்துக்கொள்கிறேன், வறுவலுக்கு வேண்டாம்.

ஜெயந்தி: எங்கள் வீட்டில் வறுவலுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள்.

கவிதா: சாந்தி அக்கா, உப்புத் தண்ணீர் வழி செய்தேன். ஒட்டவே இல்லை, பொன்னிறமாக வந்தது, உள்ளேயும் உப்பு தெரிகிறது. ஆனால் டிபன் பாக்ஸில் மதியத்துக்குள் தொய்ந்துவிடுகிறது.

சாந்தி: உள்ளே இருக்கும் ஈரம் மேலே வரத்தான் செய்யும். ஆறியபின் மூடுங்கள், தேன் கலவையைத் தனி டப்பாவில் கொண்டுபோங்கள். அப்படியும் மதியம்வரை மொறுமொறுப்பாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்து வழியில்லை. யாருக்காவது கைவந்திருந்தால் சொல்லுங்கள்.